‘இன்னும் 11 நாட்கள், இன்று 5 பாடங்கள்’: நாள் எண்ணும் நினைவூட்டல்களோடு உங்கள் அனுபவம்

கானாடுகாத்தான் தேர்வர்

குரூப் 4 தேர்வுக்கு 50 நாட்கள் இருந்தபோது எனக்கு 90 பாடங்கள் மீதமிருந்தன. கடைசி 5 நாட்களைத் திருப்புதலுக்கு ஒதுக்கிவிட்டு நாளொன்றுக்கு 2 பாடங்கள் என்று என் கைப்பேசியில் உள்ள படிப்புத் திட்டச் செயலி வகுத்துக் கொடுத்தது. அக்காவின் திருமணத்தில் 9 நாட்கள் போயின. திரும்பி வந்த காலையில் அது எதையும் குறைக்கவில்லை. 90 பாடங்களை 36 நாட்களுக்குப் பங்கிட்டு, ஒரு நாள் 2, மறுநாள் 3 என்று காட்டியது. என்னால் முடிந்ததோ எப்போதும் 2தான். 20 நாட்கள் கழித்து அந்த எண் 3ஐத் தாண்டியது. இன்னும் 10 நாட்கள் சென்றபின், விடியற்காலையில் முகப்புத் திண்ணையில் அமர்ந்து கைப்பேசியைத் திறந்தபோதுதான் தலைப்பில் உள்ள வரியைக் கண்டேன். அன்று ஐந்தையும் படித்தேன். அந்த ஐந்துக்கு இடம் வேண்டும் என்பதற்காக, முதல் மாதத்துப் பாடங்களின் திருப்புதலைச் செயலி தானாகவே தள்ளி வைத்திருந்ததை நான் கவனிக்கவில்லை. தேர்வறையில் சூளாமணியின் ஆசிரியர் யார் என்ற வினாவைப் பார்த்ததும் நான் படித்த பக்கம் கண்முன் வந்தது; தோலாமொழித்தேவர் என்ற பெயர் வரவில்லை. வாசலுக்கு வந்தபின் வந்தது.

தேவகோட்டை வாசகர்

சகோதரி, குறை செயலியிடம் இல்லை. எதைக் கழிப்பது என்று நீங்கள் சொல்லவில்லை. எனக்கு 30 நாட்கள் இருந்தபோது, தமிழ்ப் பகுதியில் 150க்கு 60 மதிப்பெண் எடுத்தால் போதும் என்பதால் அதை முழுவதும் கழித்துவிட்டுப் பொது அறிவை மட்டும் வைத்தேன். அதன்பின் நாளுக்குரிய எண் ஒருநாளும் ஏறவில்லை. நினைவூட்டல் வந்தால் நிம்மதியாக இருந்தது.

காரைக்குடி பயிற்சி ஆசிரியர்

தேவகோட்டை நண்பர் கழிக்கச் சொன்னது சரி. கழித்த இடம் தவறு. 60 என்பது அடுத்த பகுதி திருத்தப்படுவதற்கான வாசல்தான். அந்த 150 மதிப்பெண்ணும் தரவரிசையில் சேருகிறது. 200 வினாக்களில் 100 தமிழுக்கு உரியவை என்னும்போது அதை விட்டுவிட்டு 75 பொது அறிவு வினாக்களைத் துரத்துவது கணக்குக்கு ஒவ்வாது.

என்னிடம் படித்த ஒருவர் கடைசி வாரத்தில் நாளுக்கு 7 பாடங்கள் காட்டிய திரையை என்னிடம் நீட்டி அழுததை நான் மறக்கவில்லை. அன்று முதல் மாணவர்களிடம் ஒன்றை மட்டும் கேட்கிறேன்: கடந்த 7 நாட்களில் உண்மையில் எத்தனை பாடங்கள் முடித்தீர்கள்? கானாடுகாத்தான் சகோதரிக்கு அது நாளுக்கு 2 என்றால், 36 நாட்களில் 72தான் முடியும். மீதி 18 பாடங்களைத் திருமணம் முடிந்து வந்த அன்றே, முந்தைய வினாத்தாள்களில் அரிதாக வந்தவை எவை என்று பார்த்துக் கழித்திருக்க வேண்டும். அந்த 18 பாடங்களையும் சுமந்துகொண்டே போனதால்தான் 11 நாட்கள் மீதமிருந்தபோது நாளுக்குரிய எண் 5 ஆயிற்று. நீங்கள் முடிக்கும் எண்ணிக்கை மாறாமல் நிற்க, திரையில் உள்ள எண் மட்டும் ஏறினால், செயலி திட்டத்தை மாற்றவில்லை, வகுத்தல் மட்டுமே செய்கிறது என்று அறியலாம். திருப்புதல் வேளையைப் புதுப் பாடம் தொடாதபடி தனியே பூட்டி வைப்பது இதைவிட முக்கியம். நாள் நெருங்க நெருங்க அதன் பங்கு கூட வேண்டும், குறையக் கூடாது. கணக்கும் திறனறிவும் 25 வினாக்கள். அவற்றை வாசித்துத் திருப்ப முடியாது, அன்றாடம் போட்டுப் பார்க்க வேண்டும் என்பதால் அவற்றைக் கடைசிக்குத் தள்ளும் திட்டம் எதையும் நான் ஏற்பதில்லை.

பள்ளத்தூர் அம்மா

என் மகன் பன்னிரண்டாம் வகுப்பு. அவனுக்குக் காலை 5 மணிக்கு ‘இன்னும் 23 நாட்கள்’ என்று ஒலிக்கும். இரவு 12 மணி வரை படித்தவன் அந்த ஒலியில் எழுந்து, புத்தகத்தைத் திறக்காமல் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் நாள் எண்ணிக்கையை நிறுத்திவிட்டு, ‘இன்று இயற்பியலில் ஒரு பாடம்’ என்பதை மட்டும் மாலை வரும்படி வைத்தேன். பிறகு உட்கார்ந்து படிக்கிறான். ஆனால் எத்தனை நாள் இருக்கிறது என்று என்னைக் கேட்கிறான். சொல்லலாமா, ஐயா?

கானாடுகாத்தான் தேர்வர்

ஆசிரியர் ஐயா, நீங்கள் சொன்னபடி இம்முறை 18 பாடங்களைப் பிரித்துப் பார்த்தேன். வினாத்தாள்களில் அரிதாக வந்தவை என்ற பட்டியலில் சூளாமணி உள்ளிட்ட ஐஞ்சிறு காப்பியங்களும் விழுகின்றன. உங்கள் முறைப்படி அந்த வினாவை நான் படிக்காமலே இழந்திருப்பேன். இந்த இடத்தில் எதை நம்பிக் கழிப்பது என்று எனக்கு இன்னும் தெளியவில்லை.