எல்.எல்.பி.யிலிருந்து வந்த 9,60,000 ரூபாய்: எதைக் கழிக்கலாம், எதைக் கழிக்கக் கூடாது?

கோவை_கணக்கர்

வார்ப்படம் செய்யும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். 2023-24 வருடத்துக்கு வருமான வரிக் கணக்கீடு தயார் செய்தபோது நடந்ததை எழுதுகிறேன். சொல்லும் பிரிவு எண்கள் எல்லாம் 1961 சட்டத்தின்படி.

புத்தக லாபம், வரிக்கு முன், 38,40,000 ரூபாய். எங்கள் கம்பெனி ஒரு எல்.எல்.பி.யில் பங்குதாரர், 40 லட்சம் மூலதனம் வருடம் முழுக்க அங்கே இருந்தது. டாலியில் "எல்.எல்.பி. வருமானம்" என்று ஒரே லெட்ஜர், அதில் 9,60,000. பங்குதாரருக்கு வரும் லாபப் பங்குக்கு 10(2A)-இல் வரிவிலக்கு உண்டு என்று தெரியும். லெட்ஜர் தொகை முழுவதையும் லாபத்திலிருந்து கழித்துவிட்டேன்.

ஆடிட்டர் மேடம் தாளைப் பார்த்ததும் கேட்ட ஒரே கேள்வி: "அந்த எல்.எல்.பி.யோட லாபப் பகிர்வுக் கணக்கு எங்கம்மா?" வரவழைத்துப் பார்த்தால், 6,00,000தான் லாபப் பங்கு. மீதி 3,60,000 எங்கள் மூலதனத்துக்கு அவர்கள் 9% போட்டுக் கொடுத்த வட்டி. அந்த வட்டியை எல்.எல்.பி. தன் செலவாகக் கழித்திருக்கிறது. அதற்கு அங்கே வரி விழவில்லை. ஆகவே நம் கையில் அது வியாபார வருமானம், 28(v). லாபப் பங்குக்கோ எல்.எல்.பி. ஏற்கெனவே வரி கட்டிவிட்டது, அதனால்தான் நமக்கு விலக்கு. இந்தக் காரணம் புரிந்தபிறகு எனக்கு இரண்டும் குழம்பவே இல்லை.

நாங்கள் 115BAA எடுத்த கம்பெனி, வரி 25.168%. என் தாள் அப்படியே போயிருந்தால் வரியில் மட்டும் சுமார் 90,600 ரூபாய் குறைந்திருக்கும். பிறகு அதற்கு வட்டியும் சேரும்.

கடைசியில் நின்ற கணக்கு இது. 38,40,000-உடன் புத்தகத் தேய்மானம் 5,20,000, தாமதமான பி.எஃப். 48,000, டி.டி.எஸ். பிடிக்காத டிசைன் கூலியில் 60,000, 14A-க்கு 40,000 கூட்டினோம்: 45,08,000. வரிச் சட்டத் தேய்மானம் 6,80,000, லாபப் பங்கு 6,00,000 கழித்தோம்: 32,28,000.

ஈரோடு_மஞ்சள்மண்டி

நல்ல பதிவு. ஆனால் பி.எஃப். 48,000-ஐ ஏன் கூட்டினீர்கள்? ரிட்டர்ன் போடும் கெடுவுக்குள் கட்டிவிட்டால் 43B-இல் கிடைக்குமே. நாங்கள் வருடக்கணக்கில் அப்படித்தான் எடுத்தோம், யாரும் கேட்டதில்லை.

கோவை_கணக்கர்

எங்களுக்கு அது ஆகஸ்ட் மாதச் சம்பளத்தில் பிடித்த தொகை சார். செப்டம்பர் 15-க்குள் போயிருக்க வேண்டும். கையெழுத்துப் போடுபவர் ஊரில் இல்லாமல் 18-ஆம் தேதிதான் போனது. மூன்று நாள்தான்.

முப்பதாண்டு_ஆடிட்

மஞ்சள்மண்டி சார் சொல்வது பாதிக்குச் சரி. முதலாளி தன் பங்காகக் கட்டும் பி.எஃப்.-க்கு 43B பொருந்தும். ரிட்டர்ன் கெடுவுக்குள் கட்டினால் போதும். தொழிலாளி சம்பளத்திலிருந்து பிடித்த தொகை வேறு ரகம். அது அவருடைய பணம். நம் கையில் வருமானமாகக் கருதி, பி.எஃப். சட்டக் கெடுவுக்குள் கட்டினால்தான் கழிவு. 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவிட்டது. அதற்கு முன்பு பல உயர் நீதிமன்றங்கள் உங்கள் பக்கம் பேசியதால்தான் பழைய வருடங்களில் தப்பித்திருப்பீர்கள்.

இன்னொன்று. 3CD-இல் 20(b)-க்குக் கீழ் ஆடிட்டர் ஒவ்வொரு மாதத்துக்கும் கெடு தேதி, கட்டிய தேதி இரண்டையும் எழுதுவார். அதை Schedule BP-இல் நீங்கள் கூட்டாமல் விட்டால், 143(1) அறிவிப்பிலேயே தானாகக் கூட்டி அனுப்பிவிடுவார்கள். ரிட்டர்ன் ஏற்றும் முன் 3CD-ஐயும் BP-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருமுறை ஒப்பிடுங்கள்.

மளிகை_மொத்தவியாபாரி

எனக்கும் இதே பிரச்சினைதான். கடைக்கு ஜி.எஸ்.டி. தாமதத்துக்கு அபராதம் கட்டினேன். 44AD-இல் விற்பனையில் 8% காட்டுகிறேன். அந்த அபராதத்தைத் தனியாக லாபத்தோடு கூட்ட வேண்டுமா?

முப்பதாண்டு_ஆடிட்

உங்களுக்கு இந்தத் தாளே வராது அண்ணாச்சி. 44AD-இல் காட்டும் 8%-க்குள் செலவு எல்லாம் கழித்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. கழிக்காத செலவைத் திரும்பக் கூட்ட இடமில்லை. முழுக் கணக்குப் புத்தகம் வைத்து அதன் லாபத்தைக் காட்டினால்தான் அபராதம் போன்றவற்றைக் கூட்டும் பேச்சு.

சேலம்_லதா

கோவை தோழி, டிசைன் கூலியில் 60,000 எப்படி வந்தது? முழுத் தொகையும் போகாதா?

கோவை_கணக்கர்

டிசைனருக்குக் கொடுத்தது 2,00,000. 40(a)(ia)-இல் 30% மட்டும்தான் கூட்டணும், அதான் 60,000. இதுவும் பி.எஃப். 48,000-உம் தாளில் அடுத்தடுத்து நிற்கும், ஆனால் இரண்டின் கதியும் வேறு. டி.டி.எஸ்.-ஐப் பிறகு கட்டினால், கட்டிய வருடத்தில் 60,000 கழிவாகத் திரும்பி வரும். பி.எஃப். 48,000 போனது போனதுதான். இதற்காகவே "திரும்ப வருவது" என்று எக்செல்லில் ஒரு தாள் வைத்திருக்கிறேன்: எந்த வருடம் கூட்டியது, எப்போது கட்டியது, எந்த வருடம் கழித்தது. 2024-25 கணக்கில் அந்தத் தாளைப் பார்த்துத்தான் 60,000-ஐ எடுத்தேன், இல்லையென்றால் விட்டிருப்பேன்.

முப்பதாண்டு_ஆடிட்

அந்த டிசைனர் தன் ரிட்டர்னில் இந்த வரவைக் காட்டி வரியும் கட்டியிருந்தால், அவர் தரப்பு சி.ஏ.-விடம் படிவம் 26A சான்றிதழ் வாங்கிப் பார்த்திருக்கலாம். இனி நினைவில் வையுங்கள்.

சேலம்_லதா

14A-க்கு 40,000 ஏன்? கடன் வாங்கி அந்த மூலதனம் போட்டிருந்தால்தானே வட்டியில் ஒரு பகுதியைக் கூட்ட வேண்டும்? எங்கள் ஆடிட்டர் அப்படித்தான் சொன்னார்.

முப்பதாண்டு_ஆடிட்

வட்டியைப் பங்கு பிரிக்கும் அந்தச் சூத்திரம் 2016 ஜூன் வரைக்கும்தான். இப்போதைய விதி 8D-இல், விலக்கு வருமானத்துக்காக நேரடியாகச் செய்த செலவு, அதனுடன் முதலீட்டின் மாதச் சராசரியில் 1%. 40 லட்சம் வருடம் முழுக்க மாறாமல் இருந்ததால் 40,000. நீங்கள் சொல்லும் கடன் வட்டி, நேரடியாகத் தொடர்பு காட்ட முடிந்தால் முதல் பகுதியில் வரும்.

ஆனால் ஒன்று. அதே 40 லட்சம் வரி விழும் வட்டியையும் ஈட்டுகிறது. அப்படியிருக்க முழு முதலீட்டுக்கும் 1% போடலாமா என்று வாதாட இடம் இருக்கிறது. நான் முழுவதற்கும் போடவே சொல்வேன். என் நண்பர் ஒருவர் விகிதம் பிரிப்பார்.

கோவை_கணக்கர்

நாங்கள் பிரிக்கவில்லை. அந்த லெட்ஜரை மட்டும் "லாபப் பங்கு", "மூலதன வட்டி" என்று இரண்டாக்கிவிட்டேன். 2025 ஏப்ரலிலிருந்து பங்குதாரருக்குக் கொடுக்கும் வட்டிக்கு 194T-இல் டி.டி.எஸ். பிடிக்கிறார்கள், வட்டி 26AS-இல் தெரியும், லாபப் பங்கு தெரியாது. ஒத்துப் பார்க்க இது பெரிய உதவி.

ஓசூர்_பட்டறை

எங்கள் எல்.எல்.பி. இந்த வருடம் நஷ்டம். எங்கள் பங்கு 1,10,000-ஐ கம்பெனியின் லாப நட்டக் கணக்கில் டெபிட் போட்டிருக்கிறோம். அது அப்படியே செலவாக நிற்குமா?

முப்பதாண்டு_ஆடிட்

நிற்காது, திரும்பக் கூட்டுங்கள். லாபப் பங்கு வந்தால் கழிப்பது எப்படியோ, நஷ்டப் பங்கு வந்தால் கூட்டுவதும் அப்படித்தான். அந்த நஷ்டத்தை எல்.எல்.பி. தன் கணக்கில்தான் எடுத்துச் செல்லும். மூலதன வட்டி வந்திருந்தால் அது மட்டும் வருமானமாக நிற்கும்.

ஓசூர்_பட்டறை

விலக்கு வருமானமே வராத வருடத்தில் 14A-உம் போட வேண்டுமா?

முப்பதாண்டு_ஆடிட்

2022-இல் சேர்த்த விளக்கத்தின்படி, வருமானம் வராவிட்டாலும் போட வேண்டும். முந்தைய வருடங்களுக்கு அது செல்லாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்களுடையது அதற்குப் பிந்தைய வருடம், ஆகவே போடுங்கள். முதலீட்டுத் தொகை எவ்வளவு?

ஓசூர்_பட்டறை

15 லட்சம். நடுவில் டிசம்பரில் 5 லட்சம் எடுத்தோம். மாதவாரியாகப் போட்டுவிட்டு நாளைக்கு எழுதுகிறேன் சார்.