கலைச்சொல் தேவை: ஆர்.ஓ.இ.யும், கடன் அதை ஏற்றிக் காட்டுவதும்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து, கணக்கு டீச்சர்

அனைவருக்கும் வணக்கம்.

பங்குச் சந்தையைத் தாமாகவே படித்துக்கொள்கிறவர்களுக்குத் தமிழில் ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு சொற்கள் வேண்டும். ஒன்று ஆர்.ஓ.இ.க்கு, அதாவது பங்குதாரர் பணத்துக்கு அந்த வருடம் எத்தனை சதவீதம் லாபம் வந்தது என்று காட்டும் எண்ணுக்கு. மற்றது, கடன் வாங்கியதாலேயே அந்த எண் உயர்ந்து தெரிவதற்கு.

முதலாவதைப் பலரும் 'பங்கு மூலதன லாப விகிதம்' என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆண்டறிக்கையில் 'பங்கு மூலதனம்' என்று தனியாகவே ஒரு வரி உண்டு. அது பங்குகளின் முகமதிப்பு மட்டும்தான். ஒரு கம்பெனிக்கு அந்த வரியில் 10 கோடி, பல வருட லாபம் சேர்ந்த காப்பிருப்பு 190 கோடி, இந்த வருட லாபம் 30 கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரை நம்பி வகுப்பவருக்கு 300 சதவீதம் வரும். உண்மையான விடை 15. காப்பிருப்பும் பங்குதாரர் பணம்தான், எடுக்காமல் விட்டு வைத்த பணம். இரண்டையும் சேர்த்துக் காட்டும் சொல் வேண்டும். 'சொந்தமுதல் ஈட்டம்' என்று சொல்லிப் பார்க்கிறேன். உங்கள் கருத்து?

வேலந்தாவளத்திலிருந்து, பங்கு வாங்குகிறவர்

டீச்சர், 'முதலீட்டு ஈட்டம்' என்றால் போதாதா? எல்லாருக்கும் பழகிய சொல்.

கடன் விஷயத்துக்கு நான் வைத்திருக்கும் வழியையும் சொல்கிறேன், கையேட்டில் சேர்த்துக்கொள்ளலாம். பங்கு விவரம் காட்டும் தளங்களில் ஆர்.ஓ.இ.யும், சொந்தப் பணம் கடன் இரண்டும் சேர்ந்த முதலுக்கு வரும் ஈட்டத்தைக் காட்டும் ஆர்.ஓ.சி.இ.யும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஆர்.ஓ.இ. பெரிதாக இருந்தால் கடன் தூக்கி விட்டிருக்கிறது. சிறிதாக இருந்தால் அந்தக் கவலை இல்லை. நான் இதை மட்டும் பார்த்துத்தான் வாங்குகிறேன்.

நகரியிலிருந்து, தறிக்காரர்

எல்லாருக்கும் வணக்கமுங்க. கடன் வாங்கலாமா வேணாமான்னு பேசுறீங்கன்னு நினைக்கிறேன், அதான் எழுதுறேன். நாங்க விசைத்தறி ஓட்டுறோம். கொட்டகை, தறி எல்லாம் சேர்த்து பத்து லட்சம். நாலு என் பணம், ஆறு பேங்க் லோன், வருஷத்துக்குப் பத்து பர்சென்ட் வட்டி. கூலி, கரண்ட், தேய்மானம் எல்லாம் போக, வட்டிக்கு முந்தி ஒண்ணரை லட்சம் நிக்குது. வட்டி அறுபதாயிரம் கட்டினா தொண்ணூறாயிரம் கையில. பக்கத்துக் கொட்டகைக்காரர் இதே மாதிரி தறிங்களை முழுக்கத் தன் பணத்துல போட்டு ஒண்ணரை லட்சம் பார்க்குறாரு. போட்ட காசுக்கு எனக்குத்தானே அதிகம்? அப்போ கடன் நல்லதுதானே?

புத்தூரிலிருந்து, ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர்

நகரித் தம்பி கேட்டது டீச்சர் கேட்ட கேள்வி இல்லை. ஆனாலும் அவர் கணக்கிலேயே டீச்சருக்கு வேண்டியது முழுக்க இருக்கிறது.

பக்கத்துக்காரர் பத்து லட்சம் போட்டு ஒன்றரை எடுக்கிறார், 15 சதவீதம். தம்பி நாலு லட்சம் போட்டுத் தொண்ணூறாயிரம் எடுக்கிறார், 22.5 சதவீதம். இரண்டு கொட்டகையிலும் தறி ஒன்று, துணி ஒன்று, ஒரு மீட்டருக்கு நிற்கும் லாபமும் ஒன்று. அந்த ஏழரை சதவீதத்தில் தறியின் திறமை எதுவும் இல்லை. 15 ஈட்டும் தொழிலில் 10 வட்டிப் பணத்தைப் போட்டதால், கடன் பணம் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் 5 ரூபாயைத் தம்பி பக்கம் தள்ளுகிறது. ஆறு லட்சத்துக்கு அது முப்பதாயிரம். அதை அவருடைய நாலு லட்சத்தால் வகுத்தால் அதே ஏழரை.

இப்போது நூல் விலை ஏறி, வட்டிக்கு முன் நிற்பது எழுபதாயிரம்தான் என்று வையுங்கள். பக்கத்துக்காரருக்கு 7 சதவீதம். தம்பிக்கு வட்டி போகப் பத்தாயிரம், இரண்டரை சதவீதம். ஐம்பதாயிரத்துக்கு இறங்கினால் அவருக்கு 5, தம்பிக்குப் பத்தாயிரம் நஷ்டம். தொழிலின் ஈட்டம் வட்டி வீதத்துக்கு மேலே இருக்கும்வரை கடன் ஏற்றிவிடும். கீழே வந்தால் அதே வேகத்தில் இறக்கிவிடும்.

இன்னொன்று பலர் கவனிப்பதில்லை. அந்த நஷ்ட வருடத்துக்குப் பிறகு தம்பியின் சொந்தப் பணம் மூன்று லட்சத்துத் தொண்ணூறாயிரம். கடன் அப்படியே நிற்க, அடுத்த வருடம் பழையபடி தொண்ணூறாயிரமே வந்தால், எண் 22.5 இல்லை, 23-ஐத் தாண்டும். லாபம் கூடவில்லை, வகுக்கும் எண் தேய்ந்துவிட்டது. ஆர்.ஓ.இ. ஏறியிருக்கிறது என்று பார்த்தவுடனே, மேலே உள்ள லாபம் ஏறியதா, கீழே உள்ள முதல் குறைந்ததா என்று பார்க்க வேண்டும்.

வேலந்தாவளத்துத் தம்பிக்கு. உங்கள் வழி பாதி சரி. ஆர்.ஓ.சி.இ. வட்டிக்கும் வரிக்கும் முந்திய லாபத்தை வைத்துக் கணக்கிடுவது. ஆர்.ஓ.இ. வரி கட்டிய பிறகு மிஞ்சுவதை வைத்து. அதனால் ஒரு காசுகூடக் கடன் இல்லாத கம்பெனியிலும் ஆர்.ஓ.இ. சிறிதாகத்தான் இருக்கும். இரண்டு கொட்டகையையும் 25 சதவீதம் வரி கட்டும் கம்பெனி என்று வையுங்கள். ஆர்.ஓ.சி.இ. இருவருக்கும் 15. ஆர்.ஓ.இ. பக்கத்துக்காரருக்கு 11.25, தம்பிக்கு 16.9 அளவில். உங்கள் கோடு 15-இல் இருக்கிறது, உண்மையான கோடு 11.25-இல். ஒரு கம்பெனி ஆர்.ஓ.சி.இ. 15, ஆர்.ஓ.இ. 14 என்று காட்டினால் நீங்கள் கவலை இல்லை என்பீர்கள். 10 சதவீத வட்டியில், சொந்தப் பணம் ஒரு ரூபாய்க்கு எழுபது பைசாவுக்கு மேல் கடன் இருந்தால்தான் அந்த 14 வரும். ஆகவே ஆர்.ஓ.சி.இ.யில் முக்கால் பங்கை எடுத்து, அதோடு ஒப்பிடுங்கள். ஒரு தடவை மட்டும் வரும் வருமானம், நிலம் விற்ற லாபம் போன்றவை இருந்தால் இதுவும் ஏமாற்றும், அவற்றைக் கழித்துவிட்டுப் பாருங்கள். பேங்குகளுக்கு இந்த ஒப்பீடே வேண்டாம், அவற்றின் தொழிலே பிறர் பணம்தான். அங்கே மொத்தச் சொத்துக்கு என்ன லாபம் என்று பார்ப்பதுதான் வழக்கம்.

சொல்லுக்கு வருகிறேன். 'முதலீடு' கூடாது. தெலுங்கில் 'பெட்டுபடி' என்பதுபோல அதிலும் சொந்தப் பணமும் கடனும் கலந்தே கிடக்கும். 'சொந்தமுதல் ஈட்டம்' எனக்குச் சம்மதம்.

வேலந்தாவளத்திலிருந்து, பங்கு வாங்குகிறவர்

முக்கால் பங்குக் கணக்கை என்னிடம் உள்ள பங்குகளுக்குப் போட்டுப் பார்க்கிறேன் ஐயா. இரண்டாவது சொல்லுக்குக் 'கடன் தூக்கு' என்று வைக்கலாமா? சின்னதாக, வாயில் நிற்கிறது.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து, கணக்கு டீச்சர்

'தூக்கு' ஏறுவதை மட்டும் சொல்கிறது. மேனேஜர் ஐயா காட்டிய ஐம்பதாயிரம் வருடம் அதற்குள் வராது. படிப்பவர் கடன் என்றால் உயர்வு என்றே மனதில் பதித்துக்கொள்வார். நெம்புகோலுக்கு இரு பக்கமும் அசைவு உண்டு. 'கடன் நெம்பு' என்று எழுதலாம்.

நகரியிலிருந்து, தறிக்காரர்

ஐயா, ஒண்ணு விட்டுப்போச்சு. நூல் கடைக்காரர் எனக்கு ரெண்டு மாசக் கடன்ல பாவு நூல் தராரு. வட்டின்னு தனியா எதுவும் இல்ல. ஆனா ரொக்கத்துக்கு வாங்கினா கிலோவுக்கு விலை கம்மி. இதுவும் உங்க நெம்புல சேருமா?

புத்தூரிலிருந்து, ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர்

நல்ல கேள்வி தம்பி. ரொக்க விலைக்கும் கடன் விலைக்கும் உள்ள வித்தியாசம் வட்டிதான், நூல் செலவுக்குள் ஒளிந்திருக்கிறது. கணக்கில் அது வட்டி வரியில் வராது. ஆர்.ஓ.சி.இ. போடும்போது கடைக்காரர் பாக்கியை மூலதனத்தோடு சேர்ப்பதும் இல்லை. ஆகவே அந்தப் பணம் இரண்டு எண்களையுமே ஏற்றிக் காட்டும், முக்கால் பங்குக் கணக்கில் சிக்காது. ஐந்தொகையில் 'வணிகக் கடன் பாக்கி' வருடா வருடம் விற்பனையைவிட வேகமாக ஏறுகிறதா என்று பார்த்தால்தான் தெரியும். இதைக் 'கடன் நெம்பு' என்ற பெயருக்குள் அடக்க எனக்குத் தயக்கம். சரக்குக் கடன் எல்லாத் தொழிலிலும் உண்டு, பேங்க் போல யாரும் எளிதில் ஜப்திக்கு வருவதில்லை.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து, கணக்கு டீச்சர்

எனக்கு அதை உள்ளே சேர்க்கத் தோன்றுகிறது ஐயா. கடைக்காரர் நூலை நிறுத்தினால் தறியும் நிற்குமே. 'சொந்தமுதல் ஈட்டம்', 'கடன் நெம்பு' இரண்டையும் கையேட்டில் எழுதிவிடுகிறேன். சரக்குக் கடனுக்கு வேறு சொல் தோன்றுகிறவர்கள் எழுதுங்கள்; அதுவரை அந்தப் பக்கத்தை நகரி அண்ணன் கணக்கோடு திறந்தே வைத்திருக்கிறேன்.