விசேட பட்டம் + பட்டப்பின் டிப்ளோமா = முதுமாணி என்று போடலாமா? P-3 பதவிக்கு விண்ணப்பம்

நிரோஷன்

வணக்கம். ஐ.நா. அமைப்பு ஒன்றில் புள்ளிவிபரவியலாளர் பதவி (P-3) வந்திருக்கிறது. முடிவுத் திகதி 31 அக்டோபர் 2025. கல்வித் தகைமை என்ற இடத்தில் "முதுமாணிப் பட்டம் அல்லது அதற்குச் சமமானது" என்று இருக்கிறது. அனுபவம் 5 ஆண்டு.

நான் இலங்கையில் படித்தவன். புள்ளிவிபரவியலில் 4 ஆண்டு விசேட பட்டம், சான்றிதழில் B.Sc. (Special) என்றுதான் அச்சாகியிருக்கிறது. அதற்குப் பிறகு 2 ஆண்டு பகுதிநேரமாகப் பட்டப்பின் டிப்ளோமா முடித்தேன். எங்களோடு படித்த பொதுப் பட்டக்காரர்கள் 3 ஆண்டில் வெளியே போய்விட்டார்கள். அவர்களுக்கும் எனக்கும் ஒரே "இளமாணி" என்றால் மனம் ஒப்பவில்லை. 4 + 2 என்று பார்த்தால் 6 ஆண்டு படிப்பு. பிரித்தானியாவில் 3 + 1 படித்தவர் முதுமாணி என்று போடுகிறாரே. நானும் படிவத்தில் "முதுமாணிக்குச் சமம்" என்று தெரிவு செய்யலாமா? அனுபவம் 9 ஆண்டு 5 மாதம் இருக்கிறது, அதில் பிரச்சினை இல்லை.

சேது

தாராளமாகப் போடுங்கள். "சமமானது" என்ற சொல்லே அதற்காகத்தானே இருக்கிறது! என் கதையைக் கேளுங்கள். நான் சி.ஏ. முடித்தவன். சி.ஏ. ஒரு பட்டமே இல்லை என்று எத்தனை பேர் சொன்னார்கள். 2021-ல் இந்தியாவின் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியே சி.ஏ.-வை முதுநிலைப் பட்டத்துக்குச் சமம் என்று சொல்லிவிட்டது. பெயர் எதுவாக இருந்தால் என்ன, படித்த ஆழம்தான் முக்கியம்.

ராஜி

நிரோஷன், முதலில் ஜெர்மனியின் anabin தளத்தில் உங்கள் பல்கலைக்கழகம் H+, அதாவது அங்கீகரிக்கப்பட்டது, என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் அந்நாட்டு அலுவலகமான ZAB-க்கு விண்ணப்பித்துப் பட்ட ஒப்பீட்டுச் சான்று வாங்குங்கள். கட்டணம் 208 யூரோ. எனக்கு அப்படித்தான் வேலை கிடைத்தது. ஒரு விஷயம் மறக்காதீர்கள்: நான் என் கல்லூரிப் பெயரைப் போட்டுத் தேடித் தேடி, காணவில்லை என்று இரண்டு வாரம் தூங்கவில்லை. பட்டம் கொடுத்தது பல்கலைக்கழகம், கல்லூரி இல்லை. பல்கலைக்கழகப் பெயரைப் போட்டதும் உடனே வந்துவிட்டது.

மாலதி

தம்பி நிரோஷன், இது போன்ற அமைப்பு ஒன்றில் விண்ணப்பங்களைச் சல்லடை போடும் வேலையில் 6 ஆண்டு இருந்தேன். "முதுமாணிக்குச் சமம்" என்று தெரிவு செய்யாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

நீங்கள் ஆண்டுகளைக் கூட்டுகிறீர்கள். விண்ணப்பத்தைப் பார்ப்பவர் ஆண்டைக் கூட்டுவதில்லை. அந்தச் சான்றிதழைக் கொடுத்த நாட்டில் அது எந்தப் படியில் நிற்கிறது என்றுதான் பார்ப்பார். பிரித்தானியாவின் ஓராண்டு முதுமாணி செல்வதற்கும் அதுதான் காரணம். ஓராண்டோ இரண்டாண்டோ, அந்த நாட்டில் அது முதுமாணி. உங்கள் நாட்டின் தகைமைச் சட்டகத்தை எடுத்துப் பாருங்கள், SLQF என்பார்கள். 3 ஆண்டு இளமாணி 5-ஆம் படி. 4 ஆண்டு விசேட பட்டம், இப்போது Honours எனும் சிறப்புப் பட்டம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள், 6-ஆம் படி. பட்டப்பின் டிப்ளோமா 8. முதுமாணி 9-உம் 10-உம். பொதுப் பட்டக்காரரைவிட நீங்கள் ஒரு படி மேலே என்பது உண்மைதான், அதை உங்கள் நாடே எழுதி வைத்திருக்கிறது. ஆனால் டிப்ளோமா முதுமாணிக்குக் கீழே என்பதையும் அதே ஆவணம்தான் சொல்கிறது. சொந்த நாடே சமம் என்று சொல்லாததை நியூயார்க்கிலோ ஜெனீவாவிலோ உட்கார்ந்திருப்பவர் சமம் என்று ஏற்க வழி இல்லை.

சேது சார், யுஜிசி சொன்னது சரி. ஆனால் அது நெட் என்ற விரிவுரையாளர் தகுதித் தேர்வு எழுதுவதற்கு. சமம் என்று ஓர் அமைப்பு சொன்னால் அது அந்த அமைப்பு, அந்தக் காரியம், அவ்வளவோடு நிற்கும். அதே தாளை வேறு மேசைக்குக் கொண்டுபோனால் செல்லும் என்று கட்டாயம் இல்லை. ராஜி சொன்ன ZAB சான்றும் அப்படித்தான், ஜெர்மனி விசாவுக்கும் அங்குள்ள வேலைக்கும் அது தங்கம். இந்தப் பதவிக்கு அது வேண்டாம், 208 யூரோவைச் செலவழிக்காதீர்கள்.

ஐ.நா. பக்கம் பார்ப்பது whed.net. சர்வதேசப் பல்கலைக்கழகச் சங்கம் யுனெஸ்கோவோடு சேர்ந்து நடத்தும் தரவுத்தளம். நாட்டைத் தெரிவு செய்து பல்கலைக்கழகப் பெயரைத் தேடுங்கள். ராஜி சொன்ன அதே புத்தி இங்கேயும்: டிப்ளோமாவை ஒரு நிறுவனம் நடத்தியிருக்கலாம், சான்றிதழில் கையெழுத்திட்டது யார் என்று பாருங்கள். பழைய பெயரில் பட்டம் வாங்கியிருந்தால், பதிவில் வரலாறு என்ற பகுதியில் அந்தப் பெயர் இருக்கும்.

இனி முக்கியமானது. அந்த அறிவிப்பில் கல்வித் தகைமையின் அடுத்த வரியை வாசித்தீர்களா? "முதல்நிலைப் பட்டத்தோடு கூடுதலாக 2 ஆண்டு தகுந்த அனுபவம் இருந்தால் முதுமாணிக்குப் பதிலாக ஏற்கப்படலாம்" என்ற பொருளில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்.

நிரோஷன்

அக்கா, இருக்கிறது! நான் அதை 3 ஆண்டுப் பட்டக்காரர்களுக்கான வரி என்று நினைத்துத் தாண்டிவிட்டேன். அப்படியென்றால் 5 + 2 = 7 ஆண்டு. எனக்கு 9 ஆண்டுக்கு மேல் இருக்கிறதே, அப்போ நேராக அந்த வழியிலேயே போகலாம்.

மாலதி

அந்த வழிதான் உங்கள் வழி. ஆனால் 9 ஆண்டை நான் நம்பவில்லை. வேலைகளைத் திகதியோடு போடுங்கள். பட்டத்தின் நடைமுறைத் திகதியையும் போடுங்கள், பட்டமளிப்பு விழா நடந்த நாள் வேண்டாம்.

நிரோஷன்

பட்டம் நடைமுறைக்கு வந்த திகதி 12 மார்ச் 2017. விழா அதற்குப் பிறகுதான் நடந்தது.
முதல் வேலை ஜூன் 2016 முதல் டிசம்பர் 2018 வரை, முழுநேரம். இறுதிப் பரீட்சை எழுதியவுடனேயே சேர்ந்துவிட்டேன்.
இரண்டாவது ஜனவரி 2019 முதல் டிசம்பர் 2020 வரை, டிப்ளோமா படித்த காலம், வாரம் 20 மணிநேரம்.
மூன்றாவது ஜனவரி 2021 முதல் இன்றுவரை, முழுநேரம்.

மாலதி

சரி, நான் கணக்குப் போட்டால் இப்படி வரும்.

முதல் வேலை 31 மாதம். ஆனால் அனுபவம் பெரும்பாலும் முதல் பட்டத்துக்குப் பிறகுதான் எண்ணப்படும். ஜூன் 2016-லிருந்து மார்ச் 2017 நடுப்பகுதி வரை 9½ மாதம் போனது. மிச்சம் 21½. இரண்டாவது வேலை 24 மாதம், வாரம் 20 மணிநேரம் என்றால் அரைப் பங்கு, 12 மாதம். மூன்றாவது முடிவுத் திகதி வரை 58. மொத்தம் 91½ மாதம், அதாவது 7 ஆண்டு 7½ மாதம். தேவை 84 மாதம். தேறுகிறீர்கள், ஆனால் கையிருப்பு 7½ மாதம்தான். இரண்டாவது வேலையைத் தொடர்பில்லாதது என்று ஒருவர் தள்ளிவிட்டால் 79½ மாதம்தான் நிற்கும், கீழே போய்விடுவீர்கள். அதனால் அந்த வேலையின் விவரத்தில்தான் அதிகக் கவனம் வைக்க வேண்டும். என்ன தரவு, எந்த மாதிரியெடுப்பு, எந்த மென்பொருள், என்ன அறிக்கை வெளியானது என்று எழுதுங்கள். "உதவியாளராகப் பணிபுரிந்தேன்" என்று மட்டும் எழுதினால் அடுத்த நிமிடமே தள்ளிவிடுவார்கள், நானே தள்ளியிருக்கிறேன்.

படிவத்தில் பட்டநிலை இளமாணி. பட்டத்தின் பெயர் சான்றிதழில் உள்ளபடியே B.Sc. (Special). "இப்போது சிறப்புப் பட்டம்தானே" என்று புதிய பெயரைப் போடாதீர்கள். தேர்வான பிறகு பல்கலைக்கழகத்துக்கே எழுதிச் சரிபார்ப்பார்கள், அங்கே பெயர் ஒத்துப்போகாவிட்டால் உண்மையான பட்டமே சந்தேகத்துக்கு உள்ளாகும். SLQF 6-ஆம் படி என்பதை முகப்புக் கடிதத்தில் ஒரு வரியில் சொல்லுங்கள். டிப்ளோமாவை அதன் பெயரிலேயே தனியாகச் சேருங்கள்.

சேது

மேடம், ஒன்று கேட்கிறேன். படிவத்தில் இளமாணி என்று பார்த்ததும் கணினியே தானாகத் தள்ளிவிடாதா? என் நண்பர் ஒருவருக்கு அப்படி ஆனது. அதனால்தான் முதுமாணி என்று போடச் சொன்னேன்.

மாலதி

அந்தப் பயம் நியாயம்தான் சார். "பதிலாக ஏற்கப்படலாம்" என்ற வரி இல்லாத அறிவிப்பில் அப்படி ஆகும், அங்கே இளமாணியோடு விண்ணப்பிப்பதே வீண். அந்த வரி இருக்கும் பதவியில், கூடவரும் தகுதிக் கேள்விகளிலும் இரண்டு வழியையும் பிரித்துக் கேட்பார்கள். நிரோஷன் இரண்டாவதைத் தெரிவு செய்ய வேண்டும். உங்கள் நண்பருடையது எந்த வகை என்று எனக்குத் தெரியாது. ஆனால் இல்லாத பட்டத்தைப் போட்டுச் சல்லடையைத் தாண்டினால் பிடிபடுவது வேலை கிடைத்த பிறகு. அது இதைவிட மோசம்.

தாரிணி

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு எம்பிபிஎஸ் மட்டும், பயிற்சியோடு 5½ ஆண்டு. பெயரில் இளநிலை என்றுதான் இருக்கிறது. பொதுச் சுகாதாரப் பதவிக்கு அதை முதுநிலைக்குச் சமம் என்று பார்ப்பார்களா, அல்லது நானும் அந்த 2 ஆண்டு வழியில்தான் போக வேண்டுமா?

மாலதி

தாரிணி, இதில் நான் இரண்டு விதமாகவும் நடந்து பார்த்திருக்கிறேன். ஒரு பதவிக்கு மருத்துவப் பட்டமே மேல்நிலைப் பட்டமாக எடுக்கப்பட்டது, இன்னொன்றில் முதல்நிலை என்று எழுதிவிட்டார்கள். அறிவிப்பில் "மருத்துவப் பட்டம்" என்று தனியாக எழுதியிருந்தால் சிக்கல் இல்லை. எழுதாவிட்டால் அறிவிப்பின் கீழே உள்ள முகவரிக்குப் பதவி எண்ணோடு எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் 2 ஆண்டு வழியில் போனால் ஆபத்து குறைவு, உங்களுக்கு அனுபவம் போதுமானால்.

நிரோஷன்

அக்கா, படிவத்தைத் திருத்திவிட்டேன். ஒரு புதுச் சிக்கல். இரண்டாவது வேலையின் சேவைக் கடிதத்தை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். "ஜனவரி 2019 முதல் டிசம்பர் 2020 வரை" என்று மட்டும் இருக்கிறது, வாரத்துக்கு எத்தனை மணிநேரம் என்று இல்லை. அதை முழுநேரம் என்றே விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது, பொய் சொல்ல விரும்பவில்லை.

மாலதி

வேண்டாம். படிவத்தில் 50% என்று போடுங்கள், 12 மாதம் வைத்தே தேறுகிறீர்கள். அப்புறம் பழைய அலுவலகத்துக்கு எழுதி "வாரம் 20 மணிநேரம்" என்று சேர்த்துப் புதுக் கடிதம் வாங்கி வையுங்கள். விண்ணப்பத்தோடு அது தேவைப்படாது, சரிபார்க்கும்போது கேட்பார்கள். அந்த அலுவலகம் இன்னும் இருக்கிறதா?

நிரோஷன்

திட்டம் முடிந்து மூடிவிட்டார்கள் அக்கா. அப்போது மேற்பார்வையாளராக இருந்தவர் வேறு நாட்டில் இருக்கிறார், இன்று இரவு அவருக்கு எழுதுகிறேன். சம்பளச் சீட்டுகள் 24-உம் கையில் இருக்கின்றன, அவற்றில் மணிநேரம் அச்சாகியிருக்கிறது.