மெயிலை 3 வேளை மட்டும் பார்க்கிறேன். வேலை கூடியதா, பிரமையா?

மண்ணடிக்காரன்: மண்ணடியில் ஓர் ஏற்றுமதி ஏஜென்ட் ஆபீசில் டாக்குமென்டேஷன் பார்க்கிறேன். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட்டை வைத்து கஸ்டம்ஸுக்குக் கொடுக்கும் ஷிப்பிங் பில்லுக்குச் செக்லிஸ்ட் போடுவது வேலை. நாளுக்கு நூறு மெயிலாவது வரும். ஒவ்வொரு 'டிங்'குக்கும் எட்டிப் பார்த்துத் திரும்பினால் எந்த வரியில் விட்டேன் என்றே தெரியாது. மூன்று வாரமாக 10, 1, 4 மணிக்கு மட்டும் திறக்கிறேன். முன்பு நாளுக்கு 11 செக்லிஸ்ட், இப்போது 13. ஆனால் போன வியாழன் கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீதின் வரைவு, அதாவது டிராஃப்ட் பி.எல்., 1:20-க்கு வந்திருக்கிறது, திருத்தம் சொல்லக் கெடு 3 மணி, நான் பார்த்ததோ 4-க்கு. திருத்தக் கட்டணம் எங்கள் தலையில். தொடரலாமா?

ராயபுரம் ராணி: தாராளமாகத் தொடருங்கள். 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 124 பேரை ஒரு வாரம் நாளுக்கு மூன்றே முறை மெயில் பார்க்கச் சொன்னார்கள். மன அழுத்தம் குறைந்தது. அப்புறம் என்ன?

கொருக்குப்பேட்டை: எனக்கும் இதே தொல்லைதான். 8,000 மெயில் படிக்காமல் கிடக்கிறது. மொத்தமாக எப்படி அழிப்பது?

பழைய ஷிப்பிங் ஆள்: கொருக்குப்பேட்டை, உங்களுடையது வேறு கதை, தனியாகக் கேளுங்கள். ராணிம்மா, அந்த ஆய்வு பார்த்தது மன அழுத்தத்தை. தம்பி கேட்பது வேலையை.

தம்பி, 11, 13 என்ற எண்ணிக்கையை நம்பாதீர்கள். ஒரே ஐட்டம் உள்ள பில்லும் நாற்பது ஐட்டம் உள்ள ரெடிமேட் துணி பில்லும் அதில் ஒன்றுதான். ஒரே பார்ட்டியின் ஒரே மாதிரி பில்லுக்கு, தொடங்கிய நேரமும் முடித்த நேரமும் எழுதுங்கள். தப்பாகித் திரும்பி வந்ததையும் குறியுங்கள். ஒரு வாரம் மூன்று வேளை, மறுவாரம் பழையபடி, இப்படி மாற்றி மாற்றி. மாதக் கடைசி வேண்டாம், அது எல்லாவற்றையும் குழப்பும். போன் அழைப்புகளையும் எண்ணுங்கள். மெயிலுக்குப் பதில் இல்லையென்றால் பார்ட்டி போனில் வருவார், அதுவும் தொந்தரவுதானே?

வியாழன் நடந்ததற்குக் காரணம் மூன்று வேளை அல்ல, 4 மணி. கெடு 3 என்றால் 2:15-க்குப் பாருங்கள். ஜிமெயில் என்றால் இப்படி ஒரு ஃபில்டர் போட்டு லேபிள் கொடுங்கள்:

```
subject:("draft BL" OR "cut-off")
```

ஆண்ட்ராய்டு ஆப்பில் Manage labels போய், Inbox-க்கு அறிவிப்பை நிறுத்தி இந்த லேபிளுக்கு மட்டும் விடுங்கள். முதலில் Sync messages போடாவிட்டால் சத்தமே வராது. சில கப்பல் லைன்காரர்கள் தலைப்பில் புக்கிங் நம்பர் மட்டும் போடுவார்கள். அவர்களை அனுப்புநர் முகவரியை வைத்துத்தான் பிடிக்க முடியும்.

மண்ணடிக்காரன்: நன்றி அண்ணா. இரண்டு வாரம் எழுதிப் பார்த்தேன். சின்ன பில்லில் வித்தியாசமே இல்லை. பெரிய ரெடிமேட் பில் பழையபடி பார்த்த வாரம் 50 நிமிடம், மூன்று வேளை வாரம் 38. ஆனால் போன் நாளுக்கு 4-லிருந்து 9 ஆகிவிட்டது, அதில் பாதி 'மெயில் பார்த்தீங்களா?'தான்.

ராயபுரம் ராணி: பெரிய பில் எத்தனை பார்த்தீர்கள்?

மண்ணடிக்காரன்: வாரத்துக்கு மூன்றுதான், அக்கா.