சால்வர் தரும் புள்ளியும் நான் கலந்து எடுத்த புள்ளியும் ஏன் ஒத்துப்போகவில்லை?

மழைக்குருவி:
மூன்று முதலீடுகள்: அ, ஆ, இ. எதிர்பார்க்கும் வருமானம் முறையே 6, 10, 14 சதவீதம். திட்டவிலக்கம் 10, 20, 30. ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லை என்று வைத்துக்கொண்டேன். ஷார்ட் செல்லிங் கூடாது என்பதால் எக்செல் சால்வரில் `Make Unconstrained Variables Non-Negative` டிக் செய்து, `GRG Nonlinear` தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு இலக்கு வருமானத்துக்கும் ரிஸ்க் குறைந்த கலவையைத் தேட, கலவையின் மாறுபாட்டைத் தரும் இந்தச் செல்லைக் குறைக்கச் சொன்னேன்:

```
=MMULT(TRANSPOSE(B2:B4),MMULT(F2:H4,B2:B4))
```

இலக்கு 8 என்றால் அ 63.5, ஆ 23.1, இ 13.5 சதவீதம், திட்டவிலக்கம் 8.8. இலக்கு 13 என்றால் அ சுழி, ஆ 25, இ 75, திட்டவிலக்கம் 23. ஒவ்வொரு புள்ளிக்கும் சால்வரை ஓட்டச் சோம்பல்பட்டு, இரண்டையும் பாதிப் பாதி கலந்தேன். வருமானம் 10.5, திட்டவிலக்கம் 14.5. சந்தேகத்தில் 10.5-க்கு நேரடியாக ஓட்டினால் 13.7 வருகிறது! எது தப்பு?

நடுநிசி:
இரண்டு புள்ளி கிடைத்தால் மீதியைக் கலந்தே எடுக்கலாம், பாடத்திலேயே இருக்கிறது. சால்வர்தான் எங்கோ மாட்டிக்கொண்டிருக்கும். `Use Multistart` போட்டுப் பாருங்கள்.

தராசு:
மாட்டிக்கொண்டிருந்தால் அதிக ரிஸ்க் அல்லவா காட்டும்? இங்கே சால்வரின் விடைதான் குறைவு. போதாக்குறைக்கு இது கிண்ணம் மாதிரி ஒரே பள்ளம் உள்ள கணக்கு, மல்டிஸ்டார்ட்டுக்கு வேலையே இல்லை.

நடுநிசி சொன்ன விதி ஷார்ட் செல்லிங் அனுமதித்தால் சரி. இங்கே இலக்கு சுமார் 11.9-ஐத் தொடும்போது அ சுழிக்கு வந்துவிடுகிறது. தடை இல்லையென்றால் 13-ல் அ மைனஸ் 18 சதவீதம் ஆகியிருக்கும். அந்த இடத்தில், இலக்குக்கு இலக்கு குறைந்த ரிஸ்க்கைக் காட்டும் வளைகோடு துண்டுபடுகிறது. உங்கள் 8 ஒரு துண்டில், 13 இன்னொன்றில். ஒரே துண்டுக்குள் கலந்தால் பொருந்தும். 8-ஐயும் 11-ஐயும் கலந்து பாருங்கள்.

13-க்கு ஓட்டியதும் `Sensitivity` அறிக்கையைத் திறங்கள். `Reduced Gradient` பத்தியில் அ-வுக்கு நேரே சுழி இருக்காது. தடை அழுத்துகிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

கணக்குப்பிள்ளை:
எனக்கும் இதே தொல்லை! மாதாந்திரத் தரவு, சால்வர் ஆரம்ப விகிதத்தை விட்டு நகரவே இல்லை.

தராசு:
உங்களுடையது வேறு நோய். மாத மாறுபாடு 0.0006 மாதிரிப் பொடி எண்ணாக இருக்கும், நகர்ந்தும் பயனில்லை என்று சால்வர் நின்றுவிடும். வருமானத்தைச் சதவீத எண்ணாகவே கொடுங்கள், மாறுபாடு 10,000 மடங்காகும்.

மழைக்குருவி:
பார்த்தேன். அ-வுக்கு 950 காட்டுகிறது, ஆ, இ இரண்டுக்கும் சுழி. 8-ம் 11-ம் கலந்தது 10.5-ல் 13.7 தந்துவிட்டது. ஆனால் உண்மையான பட்டியலில் 12 பங்குகள். எங்கெங்கே துண்டுபடும் என்று முன்கூட்டியே தெரியுமா?

தராசு:
சால்வர் அதைச் சொல்லாது. மார்கோவிட்ஸ் 1956-ல் தந்த கிரிட்டிக்கல் லைன் முறை அந்த மூலைகளையே வரிசையாகத் தேடும், ஆனால் விரிதாளில் எழுத மேக்ரோ வேண்டும். நான் இலக்கைக் கால் சதவீதம் கால் சதவீதமாக ஏற்றி ஓட்டிவிடுவேன்.

நடுநிசி:
12 பங்கு என்றால் கால் சதவீதத்துக்குள்ளேயே இரண்டு மூலை வரலாமே?

தராசு:
வரலாம். எனக்கும் தப்பியிருக்கும்.