புதுப்பிப்பு: யோசி–ஜோடி–பகிர், மூன்றாம் வகுப்பு அறிவியல்

நான் இங்கே கேட்டிருந்தது: “மிதப்பது, மூழ்குவது பாடத்தில் எப்போதும் அதே நாலு பேர்தான் பேசுகிறார்கள். எப்படிக் கேட்டால் எல்லோரும் பேசுவார்கள்?”

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. பலித்தது, ஊகிக்கச் சொல்லும் கேள்வி. “ஏன் மிதக்கிறது?” என்றால் விடை தெரிந்த பிள்ளை மட்டும் வாய் திறக்கும். அதனால் தோலோடு ஆரஞ்சு மிதப்பதைக் காட்டிவிட்டு, “உரித்துப் போட்டால்? வரைந்து, ‘ஏனென்றால்’ என்று ஒரு வரி எழுதுங்கள்” என்றேன். ஒரு நிமிடம் முழு அமைதி. பிறகு ஜோடிக்குள் பேச, சன்னல் பக்கம் இருப்பவருக்கு அரை நிமிடம், அடுத்தவருக்கு அரை நிமிடம்.

பகிரும்போது தன் கருத்தை விட்டு ஜோடி சொன்னதைச் சொல்லவைக்கும்படி ஓர் அக்கா எழுதியிருந்தார். கூச்சப்படுபவர்களைப் பேசவைத்தது அதுதான். தவறானாலும் அது தன் விடை இல்லையே!

நன்றாகப் பேசும் பிள்ளையோடு கூச்சப்படுபவரைச் சேர்க்கும் யோசனை பாதிதான் சரி. முறை வைக்காவிட்டால் ஒருவரே பேசி முடித்துவிடுகிறார். சத்தத்தை அடக்க விசில் யோசனை சொன்ன சார், என் சிக்கல் சத்தமல்ல, மௌனம்.

எதிர்பாராதது: “எடை குறையும், மிதக்கும்” என்றே பலரும் எழுதினார்கள். பழம் மூழ்கியதும் ஜோடிகள் கேட்காமலே மறுபடி பேசத் தொடங்கின. தோலின் வெள்ளைப் பகுதியில் உள்ள காற்றை அதன்பிறகே சொன்னேன். பழத்தை முன்கூட்டியே சோதித்துக்கொள்ளுங்கள்.

மூவராக அமரும் குழுவில் மூன்றாமவருக்கு நேரம் போதவில்லை. அதற்கு இன்னும் வழி கிடைக்கவில்லை.