பின்னணியை நீக்கிய பிறகும் விளக்குக்குள் தெரிந்த சிவப்புத் துணி: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

நாச்சியார்கோயில் விளக்குக்கடை

ஐந்து முக அன்ன விளக்கு, மூன்றடி உயரம். கடையின் இணையப் பட்டியலுக்காக வெளியூர் ஸ்டூடியோ ஒன்றில் படம் எடுத்தோம். சிவப்பு வெல்வெட்டை விரித்து எடுத்து, பின்னணியை நீக்கி, வெள்ளையில் வைத்து அனுப்பினார்கள். ஓரமெல்லாம் கத்தியால் சீவியது போல் அத்தனை சுத்தம். அன்னத்தின் அலகுகூட மழுங்கவில்லை.

பட்டியலில் ஏற்றிய அதே வாரம் சேலத்திலிருந்து ஓர் அம்மா தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, தட்டுக்கு அடியில் செம்பு தெரிகிறதே, இது பித்தளை முலாம் பூசிய விளக்கா?" என்று கேட்டார். காவிரி வண்டலில் அச்செடுத்து வார்த்த முழுப் பித்தளை விளக்கைப் பார்த்து இப்படி ஒரு கேள்வி. பதில் சொல்லிப் பார்த்தேன். அவர் நம்பவில்லை, வாங்கவும் இல்லை.

அன்றிரவு படத்தைப் பெரிய திரையில் போட்டுப் பெரிதாக்கினேன். தண்டின் நடுவில் உருண்டையான குமிழ் ஒன்று உண்டல்லவா, அதன் கீழ்ப்பாதி முழுவதும் சிவப்பு. மேல்பாதியில் ஸ்டூடியோ விளக்கு இரண்டு வெள்ளைக் கட்டங்களாகத் தெரிந்தது. நடுவில் விரல் நக அளவில் படம் எடுத்தவரே நின்றுகொண்டிருந்தார், சட்டைப் பொத்தான் வரை. எண்ணெய்த் தட்டின் அடிப்புறத்தில் வெல்வெட்டின் மடிப்பு வளைந்து ஓடியது. விளக்கைச் சுற்றியிருந்த துணியை எடுத்துவிட்டார்கள், விளக்குக்குள் விழுந்த துணி அப்படியே இருக்கிறது.

உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்ததா? இருக்கும் படத்தையே சரிசெய்ய முடியுமா, திரும்ப எடுக்கத்தான் வேண்டுமா?

மாயவரம் டிசைனர்

அண்ணே, என் அனுபவம் தூக்கு விளக்கில். சங்கிலியோடு தொங்கவிட்டு, நீலத் திரைச்சீலைக்கு முன் எடுத்த படம். கடைக்காரர் அவசரப்படுத்தினார் என்று, ஒரே தொடுதலில் பின்னணியை நீக்கும் செயலியில் போட்டேன். விளக்கு அழகாக வந்தது. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் ஒரு துண்டு நீலம் மட்டும் அப்படியே நின்றது. சிறிய படத்தில் யாருக்கும் தெரியாது. வாங்கும் மனிதர் விரலால் பெரிதாக்கிப் பார்க்கும்போது, சங்கிலியில் நீலக்கல் பதித்த மாதிரி இருந்தது. "கல் வைத்த சங்கிலி வேண்டாம், சாதாரணமானது போதும்" என்று ஒருவர் எழுதிய செய்தியைக் கடைக்காரர் எனக்கு அனுப்பினார். அந்த வரி இன்னும் என் மனதை அரிக்கிறது.

அதற்குப் பிறகு சங்கிலி, கைப்பிடி, ஓட்டை வேலைப்பாடு எதுவானாலும் பேனா கருவியால் வெளிக்கோட்டை முதலில் வரைந்துவிட்டு, உள்ளே இருக்கும் ஓட்டைகளைத் தனித்தனிக் கோடுகளாக வரைந்து கழிக்கிறேன். நேரம் பிடிக்கும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

தலையாட்டி பொம்மைக் கடை, தஞ்சாவூர்

இதற்கு இவ்வளவு பாடு எதற்கு? பச்சைத் துணி கட்டி எடுங்கள். திரைப்படக்காரர்களே அப்படித்தான் எடுக்கிறார்கள். பச்சையை மட்டும் தேர்ந்தெடுத்து அழித்தால் வேலை முடிந்தது. நாங்கள் எல்லா பொம்மைக்கும் அப்படித்தான் செய்கிறோம், இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. ஒரு பரதநாட்டியப் பொம்மைக்கு மட்டும் பச்சை ரவிக்கை. அழித்தபோது தோளும் மார்பும் போய், தலை தனியாக அந்தரத்தில் ஆடியது. அதை நீலத் துணியில் வைத்துத் திரும்ப எடுத்தோம். மற்றபடி இந்த முறையில் ஒரு குற்றமும் கிடையாது.

கீழவீதி போட்டோ

பொம்மைக் கடைக்காரர் சொல்வது பொம்மைக்குச் சரி. காகிதக் கூழில் செய்து வண்ணம் தீட்டிய பொருள் பெரும்பாலும் தன் நிறத்தைத்தான் காட்டும். மெருகேற்றிய பித்தளை அப்படியல்ல. அதன் எதிரில் எது இருக்கிறதோ அதைத்தான் காட்டும். பச்சைத் துணியில் வைத்து விளக்கை எடுத்தால், பச்சையை அழிக்கும்போது விளக்கின் வயிற்றிலும் ஓட்டை விழும். வெல்வெட்டுக்கு நடந்ததே பச்சைக்கும் நடக்கும், இன்னும் மோசமாக.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. வளைந்த பித்தளையின் நடுப்பகுதி காமிரா பக்கம் இருப்பதைக் காட்டுகிறது. ஓரத்தை நெருங்க நெருங்க, பக்கவாட்டில் இருப்பதைக் காட்டி, கடைசி விளிம்பில் பின்னால் இருக்கும் துணியையே காட்டுகிறது. ஆகவே பின்னணி என்ன நிறமோ, விளிம்பும் அந்த நிறம். எவ்வளவு நுணுக்கமாகக் கோடு வரைந்தாலும் அந்தச் சிவப்புக் கீற்று உள்ளேதான் நிற்கும், ஏனென்றால் அது உண்மையிலேயே விளக்கின் உடம்பில் இருக்கிறது.

சரி, வெள்ளையில் எடுத்தால்? விளிம்பு வெள்ளையாகிப் பக்கத்தின் வெள்ளையோடு கரைந்துவிடும். ஒருமுறை சுவாமிமலைச் சிற்பி ஒருவர் மெருகேற்றிய நடராஜர் கொண்டுவந்தார். நாலாபுறமும் வெள்ளை கட்டி எடுத்தேன். திருவாசியின் ஒரு பக்கம் எங்கே முடிகிறது, வெள்ளை எங்கே தொடங்குகிறது என்று எனக்கே தெரியவில்லை. சிற்பி திரையைப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் நான் செய்த வளைவு இல்லையே" என்றார். கோடு வரைந்தவர் யூகத்தில் வளைத்திருந்தார். சிற்பி கண்ணுக்கு அரை நெல் அகலம் தப்பாது.

இப்போது நான் செய்வது இது. வெள்ளைப் பின்னணி, படச் சட்டத்தை நிரப்பும் அளவுக்கு மட்டும். விளக்கை அதிலிருந்து ஐந்தடி முன்னால் நகர்த்திவிடுவேன். சட்டத்துக்குச் சற்று வெளியே, விளக்கின் இரு பக்கமும் கொஞ்சம் பின்தள்ளி, கறுப்புச் சார்ட் அட்டைகளை நிற்க வைப்பேன். அந்தக் கறுப்பு விளிம்பில் மெல்லிய கோடாக விழும். கண்ணுக்கு வடிவம் நிற்கிறது, வெட்டுகிறவருக்கும் எல்லை தெரிகிறது. முன்பக்கம் பெரிய வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டு, அதில் ஓட்டை போட்டு லென்ஸை மட்டும் நுழைத்தால் குமிழில் ஆள் தெரிய மாட்டார். தெரிந்தாலும் ஒரு சிறு கறுப்புப் புள்ளிதான், அதை அழிப்பது எளிது.

விளக்குக்கடை அண்ணன் படத்தைத் திரும்ப எடுக்காமல் ஓரளவு தேற்றலாம். போட்டோஷாப்பில் மேலே புதிய அடுக்கு ஒன்று வைத்து, அதன் கலப்பு முறையை `Color` என்று மாற்றுங்கள். சிவப்புக்குப் பக்கத்திலேயே நல்ல பித்தளை நிறத்தை எடுத்து, மென்மையான தூரிகையால் சிவப்பின் மேல் பூசுங்கள். ஒளி நிழல் அப்படியே இருக்கும், நிறம் மட்டும் மாறும். ஆனால் வெல்வெட் இருண்ட துணி. நிறம் மாறினாலும் அந்த இருட்டும் மடிப்புக் கோடும் போகாது. தட்டின் அடிப்புறம் முழுவதும் மடிப்பு ஓடுகிறது என்றால், திரும்ப எடுப்பதே நேர்மை.

இன்னொன்று. வெட்டிய படத்தை வெள்ளையில் மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். அடியில் முழுக் கறுப்பு அடுக்கு ஒன்றை வைத்துப் பாருங்கள், பிறகு அடர்பச்சை. சங்கிலிக் கண்ணியில் மிஞ்சிய துண்டு, ஓரத்தில் ஒட்டிய வெளிர் வளையம் எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். பழைய பின்னணி ஓரப் பிக்சல்களில் கலந்துதான் இருக்கும். தேர்வை ஒரு பிக்சல் உள்ளே சுருக்கிக்கொண்டு, அரை பிக்சல் மென்மையாக்கினால் பெரும்பாலும் போய்விடும். அதற்கு மேல் சுருக்கினால் அன்னத்தின் அலகு தேயும்.

ஓய்வு பெற்றவர், திருவாரூர்

விளக்கில் சிவப்பு என்று படித்தேன். எங்கள் வீட்டில் கார்த்திகைக்கு முந்தின நாள் எல்லா விளக்கையும் தேய்ப்பது என் வேலை. அனுபவத்தில் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். புளியை வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்துக்கொள்ளுங்கள். கல் உப்பு கொஞ்சம் சேருங்கள். தேங்காய் நாரால் மேலிருந்து கீழாகத் தேய்த்து, உடனே கழுவி, ஈரம் இல்லாமல் துணியால் துடைத்து வெயிலில் வையுங்கள். பூசிவிட்டு வேறு வேலை பார்க்கப் போகக் கூடாது. என் மருமகள் ஒருமுறை புளியைப் பூசி வைத்துவிட்டுத் தொலைக்காட்சி பார்க்கப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது தண்டில் திட்டுத் திட்டாகச் செந்நிறம். புளிப்பு பித்தளையிலிருக்கும் துத்தநாகத்தைத் தின்றுவிடும், செம்பு மேலே தெரியும். அந்த விளக்கு பிறகு எவ்வளவு தேய்த்தும் தேறவில்லை, மெருகு போட்டுத்தான் சரிசெய்தோம். தம்பி, உங்கள் விளக்கில் இருப்பது அதுவாகவும் இருக்கலாம். படத்தைத் திருத்துவதை விட்டுவிட்டு முதலில் விளக்கைப் பாருங்கள்.

மாயவரம் டிசைனர்

ஐயா, அவர் கேட்டது படத்தைப் பற்றி. விளக்கு தேய்ப்பதைப் பற்றி யாரும் கேட்கவில்லையே. குமிழில் ஸ்டூடியோ விளக்கும் ஆளும் தெரிவதாக அவரே எழுதியிருக்கிறார்.

கீழவீதி போட்டோ

தம்பி, பெரியவர் சொன்னதைத் தள்ளிவிடாதீர்கள். இரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. காமிராவை அசைக்காமல் விளக்கை மட்டும் கால் சுற்று திருப்பி இன்னொரு படம் எடுங்கள். பிரதிபலிப்பு என்றால் சிவப்பு இருந்த இடத்திலேயே நிற்கும், விளக்குதான் அதன் அடியில் திரும்பும். கறை என்றால் விளக்கோடு சேர்ந்து நகரும். உண்மையான கறையைத் திரையில் பூசி மறைத்து விற்றால், பெட்டியைப் பிரிக்கும்போது அந்த அம்மா கேட்ட கேள்வி திரும்ப வரும். அப்போது பதில் இருக்காது.

நெட்டி வேலை, தஞ்சை

என் கேள்வி வேறு. நெட்டியில் செய்த பெரிய கோயில் கோபுரம், தந்த நிறம். சந்தைத் தளங்கள் முதல் படத்துக்குத் தூய வெள்ளைப் பின்னணி கேட்கின்றன. அமேசானில் 255, 255, 255 என்றே விதி, பொருள் சட்டத்தில் 85 சதவீதம் நிரப்ப வேண்டும். வெட்டி வெள்ளையில் வைத்தால் கோபுரத்தின் சிறு சிலைகள் காற்றோடு கலக்கின்றன. நெட்டி ஓரம் பஞ்சு மாதிரி மெல்லியது, ஒரு பிக்சல் சுருக்கினாலே பொம்மைகளின் கை போய்விடுகிறது. அடியில் நிழலை விட்டுவைத்தால் பின்னணி தூய வெள்ளை இல்லை என்று சொல்லிப் படத்தைத் திருப்பி அனுப்புகிறார்கள். நிழலை எடுத்தால் கோபுரம் மிதக்கிறது. இதற்கு யாரிடமாவது வழி இருக்கிறதா?

கீழவீதி போட்டோ

பின்னணியைக் கறுப்பில் எடுத்து வெட்டிப் பாருங்கள், ஓரம் தெளிவாகக் கிடைக்கும். நெட்டி பிரதிபலிக்காது, ஆகவே கறுப்பு உள்ளே வராது. பக்கத்திலிருந்து ஒரே விளக்கு போட்டால் ஒவ்வொரு சிலையும் தன் நிழலைத் தன் மேலேயே வாங்கிக்கொள்ளும். தரை நிழலுக்கு எனக்கும் நல்ல விடை கிடைக்கவில்லை. சிலர் மிக மங்கலான நிழலைப் பொருளின் அடியில் மட்டும் வரைகிறார்கள். சில நேரம் ஏற்கிறார்கள், சில நேரம் திருப்புகிறார்கள்.

தலையாட்டி பொம்மைக் கடை, தஞ்சாவூர்

கறுப்பில் எடுத்தால் ஓரத்தில் கறுப்புக் கோடு விழாதா? எங்கள் பச்சைத் துணியையே நெட்டிக்கு முயன்று பார்க்கலாம் என்றுதான் நான் இன்னும் சொல்வேன்.

நாச்சியார்கோயில் விளக்குக்கடை

திருப்பி எடுத்துப் பார்த்தேன். இந்த முறை கடைப் பின்கட்டில், வேட்டியை வெள்ளைத் திரையாகக் கட்டி, மகன் கையில் கறுப்பு அட்டை. தட்டுக்கு அடியில் இருந்த சிவப்பு மறைந்துவிட்டது, அது வெல்வெட்தான். ஆனால் திருவாரூர் ஐயாவுக்கு நன்றி சொல்ல வேண்டும். அன்னத்தின் கழுத்தடியில் மட்டும் கடுகளவு செந்நிறம் விளக்கோடு சேர்ந்து திரும்பியது. அது திருகி மாட்டும் மரை, துடைக்கும்போது துணி நுழையாத இடம். அதைக் கடைசல் பட்டறைக்கு அனுப்பியிருக்கிறேன். வந்ததும் திரும்ப எடுத்து, கறுப்பு அடுக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றுவேன். சேலத்து அம்மாவின் எண் இருக்கிறது. புதிய படத்தை அவருக்கு முதலில் அனுப்பப்போகிறேன்.